வேளச்சேரி பார்க்கிங் சார்ஜிங் ஸ்லாட் ரூல்ஸ், வண்டி விடுறதுக்கு முன்னாடி படிச்சிருங்க

இந்த 6 ஸ்லாட்டும் சார்ஜ் போடுற வண்டிக்கு மட்டும்தான். பச்சை நம்பர் பிளேட் இருக்குன்னு சும்மா நிறுத்திட்டு ஷாப்பிங் போறதும் தப்புதான், கன்னு மாட்டி சார்ஜ் ஏறிட்டு இருந்தாதான் அது சார்ஜிங், இல்லைன்னா பெட்ரோல் வண்டிக்குப் போடுற அதே 500 ரூபா ஃபைன் உங்களுக்கும் உண்டு.

டிசி ஃபாஸ்ட் சார்ஜர் 2 இருக்கு, ஒரு வண்டிக்கு அதிகபட்சம் 60 நிமிஷம். 80 பர்சன்ட் தாண்டினா பேட்டரியே கரண்ட்ட மெதுவாதான் வாங்கும், மிச்ச 20க்கு உக்காந்திருக்கிற நேரத்துல பின்னாடி நிக்கிறவர் பாதி ஏத்திட்டுக் கிளம்பிருவாரு, அதனால கியூ இருந்தா 80லயே எடுத்துருங்க. ஏசி ஸ்லாட் 4, அதுல 4 மணி நேரம்.

சார்ஜ் முடிஞ்சோ டைம் முடிஞ்சோ 10 நிமிஷம் ஃப்ரீ, அப்புறம் டிசில நிமிஷத்துக்கு 5 ரூபா, ஏசில 1 ரூபா ஐடில் ஃபீஸ், ஆப் வாலட்லேர்ந்து தானா கழியும், செக்யூரிட்டி அண்ணன்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, அவரு கையில ஒண்ணும் கிடையாது. ராத்திரி 11லேர்ந்து காலைல 6 வரைக்கும் ஏசில மட்டும் ஐடில் ஃபீஸ் இல்ல. மெஷின் ரிப்பேர்னால பாதில நின்னாலும் ஃபீஸ் கிடையாது, ஸ்க்ரீன போட்டோ எடுத்து ஆப்ல அனுப்புங்க.

அடுத்தவங்க கன்னை உருவாதீங்க. மழைல தண்ணி தேங்குனா மெயின் ஆஃப் பண்ணிருவோம், அப்ப யாரும் கேபிள்ல கை வைக்கக் கூடாது.