ச. தமிழரசி, எரிசக்தி ஆலோசகர், கோவை: பேச்சாளர் அறிமுகம்

வணக்கம், நான் தமிழரசி. ஆலைகளுக்கு வரும் மின்சார பில்லை வரி வரியாகப் பிரித்துப் படிப்பதும், அதில் எதைக் குறைக்கலாம் என்று ஆலைக்குள்ளேயே நடந்து பார்த்துச் சொல்வதும்தான் என் தொழில். மேடை ஏறினாலும் இதையேதான் செய்கிறேன், கேட்பவர்கள் எண்ணிக்கை மட்டும் கூடுதல். சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மாநாடு, சங்கக் கூட்டம், பயிலரங்கு எதுவானாலும் கூப்பிடுங்கள், வருகிறேன்.

எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து ஒரு நூற்பாலையின் மின் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன், வேலையில் இருந்துகொண்டே பி.இ. முடித்தேன், அப்புறம் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (பி.இ.இ.) நடத்தும் தேர்வை எழுதி எரிசக்தித் தணிக்கையாளர் சான்று வாங்கினேன். அந்தத் தேர்வில் எரிசக்தி மேலாளருக்கு மூன்று தாள், தணிக்கையாளருக்கு நான்காவதாக இன்னொன்று. சிலர் இங்கே குழம்புவதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பெரிய ஆலைகளுக்குச் சட்டப்படி நடக்கும் கட்டாயத் தணிக்கைக்கு 'அக்ரெடிட்டட்' தணிக்கையாளர் வேண்டும், நான் அது இல்லை. என்னிடம் வருபவர்கள் யாரும் கட்டாயத்தின் பேரில் வருவதில்லை, பில் தாங்காமல் வருகிறார்கள். நூற்பாலை, ஃபவுண்டரி, சோமனூர் பக்கத்து விசைத்தறி, காங்கேயத்து அரிசி ஆலை, பிளாஸ்டிக் மோல்டிங் என்று பார்ப்பதெல்லாம் முதலாளியே காலையில் ஷட்டரைத் திறக்கும் அளவிலான தொழில்கள்தான்.

என்ன பேசுவேன் என்று அமைப்பாளர்கள் முதலில் கேட்பார்கள். அதிகம் கேட்கப்படுவது பில் பற்றிய பேச்சு. உயர் அழுத்த இணைப்பு, அதாவது எச்.டி. சர்வீஸ் வைத்திருக்கும் பலர் யூனிட் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு பில்லை மடித்து வைத்துவிடுகிறார்கள். அதே பில்லில் டிமாண்ட் சார்ஜ் என்று இன்னொரு கட்டணம் இருக்கிறது. ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று கேவிஏ கணக்கில் அனுமதி வாங்கி வைத்திருக்கும் அளவுதான் டிமாண்ட். தமிழ்நாட்டில் நீங்கள் வாங்கி வைத்திருக்கும் டிமாண்டில் 90 சதவீதம், அல்லது அந்த மாதம் மீட்டரில் பதிவானது, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்ட வேண்டும். 500 கேவிஏ வாங்கி வைத்துக்கொண்டு 350-க்கு மேல் போகாத ஆலை மாதாமாதம் 450-க்குக் கட்டுகிறது. அதை 400 ஆகக் குறைத்தால் 360-க்குக் கட்டினால் போதும். ஒரு கேவிஏ 600 ரூபாய் என்று வைத்தால் மாதம் 54,000 ரூபாய், ஒரு மெஷினைக்கூடத் தொடாமல், ஒரு விண்ணப்பத்தில். இதைச் சொன்னதும் அரங்கில் பாதிப் பேர் போனை எடுத்து கணக்குப்பிள்ளையிடம் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள், நான் அதற்காகவே ஐந்து நிமிடம் நிறுத்துவேன். உடனே குறைத்துவிடவும் சொல்ல மாட்டேன். வருகிற வருஷம் புது மெஷின் இறக்கும் எண்ணம் இருந்தால் என்ன செய்வது, குறைத்த பிறகு வரம்பு தாண்டினால் என்ன அபராதம், திரும்பக் கூட்ட வேண்டுமென்றால் என்ன அலைச்சல் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பேச்சில் பெரும்பகுதி நேரம் இதற்கே போகும்.

எனக்குப் பிடித்த தலைப்பு கம்ப்ரசர் காற்று. காற்றுதானே என்று யாரும் மதிப்பதில்லை, ஆனால் ஒரு ஆலையில் மின்சாரத்தை மாற்றி எடுக்கும் பொருள்களில் அதிக விலை பிடிப்பது அதுதான். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் அதற்காக மட்டும் கம்ப்ரசர் சுமார் 3 கிலோவாட் இழுக்கும். மூன்று ஷிப்டு, வருஷம் 300 நாள் என்றால் 21,600 யூனிட். யூனிட் 8 ரூபாய் போட்டுப் பாருங்கள், 1,70,000-ஐத் தாண்டும். ஒரு ஹோஸ் கிளிப்பின் விலை உங்களுக்கே தெரியும்.

ஓட்டை எவ்வளவு என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், அதை மேடையிலேயே செய்து காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை மெஷின் எல்லாம் நின்ற பிறகு கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள், எவ்வளவு நேரம் லோடில் காற்றை அடைக்கிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் காற்று அடைக்காமல் இருக்கிறது என்று போன் ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். ஒன்றரை நிமிடம் லோடு, மூன்றரை நிமிடம் அன்லோடு என்றால் ஐந்தில் ஒன்றரை, அதாவது கம்ப்ரசர் தருகிற காற்றில் 30 சதவீதம் யாருக்கும் பயனில்லாமல் ஓட்டை வழியாகப் போகிறது. திங்கட்கிழமை காலையில் ஃபிட்டர் ஒருவரை சோப்புத் தண்ணீரும் பெயிண்ட் பிரஷுமாக லைன் நெடுக நடக்கவிட்டால் பாதி ஓட்டை பிடிபட்டுவிடும். அழுத்தத்தை ஒரு பார் குறைத்தாலே கம்ப்ரசர் மின்சாரத்தில் சுமார் 6, 7 சதவீதம் குறையும் என்பதையும் அங்கேயே சொல்வேன், ஆனால் ஓட்டையை அடைத்த பிறகுதான் அதைத் தொட வேண்டும், இல்லையென்றால் கடைசி மெஷினுக்குக் காற்று எட்டவில்லை என்று ஆபரேட்டர் வந்து நிற்பார், அவர் சொல்வதும் நியாயம்தான்.

நூற்பாலைக்காரர்கள் கூட்டம் என்றால் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் ஃபேனில் தொடங்குவேன். ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும், ஏனென்றால் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மின்சாரம் போகிறது: 0.8 × 0.8 × 0.8 = 0.512. மழைக்காலத்திலும் நவம்பர் இரவிலும் முழு வேகத்தில் அதை ஓட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை, பழக்கம்தான். ஃபவுண்டரிக்காரர்களுக்கு இண்டக்‌ஷன் ஃபர்னஸ் மூடியைப் பற்றியும், லேடில் வரும்வரை உருகிய இரும்பை சும்மா பிடித்துவைக்கிற நேரத்தைப் பற்றியும் பேசுவேன். அங்கே மின்சாரச் செலவு என்று தனியாக ஒன்று இல்லை, மோல்டிங் பக்கம் தாமதமானால் அது ஃபர்னஸ் பில்லில் வந்து நிற்கிறது, அதனால் அந்தக் கூட்டத்துக்கு புரொடக்‌ஷன் ஆட்களும் வந்தால்தான் பேச்சுக்குப் பலன். சோலார் பற்றியும் கேள்வி வரும், பதில் சொல்வேன், ஆனால் வீணாவதை நிறுத்தாமல் பேனல் போட்டால் ஓட்டைக்கும் சேர்த்துப் பேனல் வாங்க வேண்டியிருக்கும் என்பது என் கட்சி.

தமிழில்தான் பேசுவேன். கம்ப்ரசர், லோடு, டிமாண்ட் எல்லாம் ஆலையில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே வரும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் அதுவும் முடியும், ஆனால் ஃபிட்டர், சூப்பர்வைசர், வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன் உட்கார்ந்திருக்கும் அரங்கில் தமிழில் பேசினால்தான் கேள்வி வருகிறது. முதலாளிகளோடு அவர்களையும் அழைத்து வாருங்கள் என்று அமைப்பாளர்களிடம் எப்போதும் கேட்டுக்கொள்வேன். குறைப்பதற்கு முடிவெடுப்பவர் ஒருவர், வால்வை மூடுபவர் இன்னொருவர்.

எனக்கு 45 நிமிடம் கொடுங்கள், அதில் 15 கேள்விக்கு. 20 நிமிடம்தான் என்றால் ஒரே தலைப்பு, அதற்கு மேல் திணிக்க மாட்டேன். அரைநாள் பயிலரங்கு என்றால் இன்னும் நல்லது: பங்கேற்பவர்கள் தங்கள் ஆலையின் கடைசி 12 மாத பில்லை எடுத்துவந்தால் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போடலாம். கொண்டுவரத் தயங்குபவர்கள் பெயரையும் சர்வீஸ் நம்பரையும் மறைத்துக் கொண்டுவரலாம், எனக்கு எண்கள் மட்டும் போதும். சாப்பாட்டுக்கு அடுத்த முதல் அமர்வைக் கொடுத்தாலும் பரவாயில்லை, காசு பற்றிய பேச்சில் யாரும் தூங்குவதில்லை.

கேபாசிட்டர், விஎஃப்டி, மோட்டார், சோலார் விற்பவர்கள் யாரிடமும் நான் கமிஷன் வாங்குவதில்லை. அதனால் ஸ்பான்சரின் பொருளை மேடையில் புகழச் சொன்னால் என்னால் முடியாது, அவர்கள் ஸ்டாலைத் திட்டவும் மாட்டேன். பெயர் சொல்லாமல், எந்தப் பொருள் எங்கே பயன்படும், எங்கே தண்டம் என்று மட்டும் பேசுவேன். இதனால் ஓரிரு அழைப்புகள் கைமாறிப் போயிருக்கின்றன, போகட்டும்.

தொழில் சங்கங்கள், பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி நடத்தும் நிகழ்ச்சிகளுக்குப் பயணச் செலவும் தங்கும் இடமும் கொடுத்தால் போதும். நுழைவுக் கட்டணம் வாங்கும் மாநாடுகளுக்கும், தனி நிறுவனங்களுக்கு உள்ளே நடத்தும் பயிற்சிக்கும் கட்டணம் உண்டு, தேதி பேசும்போதே தொகையைச் சொல்லிவிடுவேன். திருப்பூர், ஈரோடு, கரூர், சேலம் என்றால் காலையில் கிளம்பி வந்துவிடலாம். ராஜபாளையம், சிவகாசி, ஓசூர், அம்பத்தூர், இராணிப்பேட்டை பக்கம் என்றால் முந்தின நாளே வந்து, முடிந்தால் உள்ளூர் ஆலை ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேச விரும்புகிறேன், அந்த ஊர் உதாரணத்தோடு பேசினால் அரங்கு வேறு மாதிரி கேட்கும்.

ஒரு விஷயம். டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள் என்பதால் எல்லாரும் அந்த வாரத்திலேயே அழைக்கிறார்கள், ஒருவருக்கு ஆம் சொன்னால் மற்றவர்களுக்கு இல்லை சொல்ல வேண்டியிருக்கிறது. பில் மாதாமாதம்தான் வருகிறது. பிப்ரவரி முதல் ஜூலை வரை பெரும்பாலும் என் நாட்குறிப்பில் இடம் இருக்கும், மூன்று வாரம் முன்னால் சொன்னால் போதும், மாநாட்டு அமைப்பாளர் வழியாகத் தகவல் அனுப்புங்கள்.

மேடையில் தொகுப்பாளர் வாசிக்க (இதற்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம்):

"அடுத்துப் பேச வருபவர் கோவையைச் சேர்ந்த எரிசக்தி ஆலோசகர் ச. தமிழரசி. நூற்பாலையின் மின் பிரிவில் தொடங்கி, பி.இ.இ. சான்று பெற்ற தணிக்கையாளராகச் சிறு, நடுத்தர ஆலைகளுக்கு மின்செலவைக் குறைக்க வழி சொல்லி வருகிறார். எந்தப் பொருளையும் விற்பவர் அல்ல. உங்கள் மின்சார பில் கையில் இருந்தால் இப்போது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்."