தங்கை கல்யாணப் பத்திரிகை: ஆத்தங்குடி நடையில் ப்ராம்ப்ட் தொகுப்பு

தம்பி,

பத்திரிகைப் படங்களை ஏஐ வரைவதற்குக் கொடுக்க வேண்டிய ப்ராம்ப்ட் எல்லாம் கீழே இருக்கின்றன. கல்யாணம் காரைக்குடி வீட்டில் என்பதால் அந்தப் பக்கத்து ஆத்தங்குடித் தரைக்கல்லையே நடையாக எடுத்துக்கொண்டேன். அண்ணன் கல்யாணத்துக்கு நாம் அடித்த கூத்து நினைவிருக்கும்: அட்டையில் தஞ்சாவூர் ஓவியம், உள்ளே வாட்டர்கலர், உறையில் கார்ட்டூன். "இது எத்தனை வீட்டுப் பத்திரிகை?" என்று பெரியம்மா கேட்டார். அதனால் இந்தப் பொதுப் பத்தியை ஒவ்வொரு ப்ராம்ப்ட்டுக்கும் முன்னால் அப்படியே ஒட்டு. ஒரு சொல்லைக்கூட மாற்றாதே.

பொதுப் பத்தி

"கையால் வார்த்த ஆத்தங்குடி சிமென்ட் கல்லின் பூவேலை நடையில் தட்டையான ஓவியம். நான்கே நிறங்கள்: செங்காவி #9C2F22, மஞ்சள் #E0A526, பாசிப்பச்சை #2F5D46, சுண்ணாம்பு வெள்ளை #F5EDDC. நிறங்கள் சேரும் ஓரம் லேசாக நெளிந்து, சாயத்தை ஊற்றியது போல இருக்க வேண்டும். கறுப்புக் கோடு, நிழல், ஆழம், தங்க மினுமினுப்பு எதுவும் வேண்டாம். நேர் எதிரே நின்று பார்க்கும் காட்சி. பின்னணி வெறும் சுண்ணாம்பு வெள்ளை. மனிதர்கள் வேண்டாம். எந்த மொழியிலும் எழுத்து வேண்டாம்."

ஓரம் நெளிய வேண்டும் என்ற வரிதான் இதில் உயிர். கண்ணாடிமேல் அச்சை வைத்துச் சாயக் குழம்பை ஊற்றி அச்சைத் தூக்கும்போது, பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒரு மயிரிழை கசியும். அந்தக் கசிவு இல்லாவிட்டால் கடையில் வாங்கிய வால்பேப்பர் மாதிரி வழுவழுவென்று வருகிறது, பார்த்துவிட்டேன்.

1. அட்டை, 5:7

"செட்டிநாட்டு வீட்டின் அகன்ற இரட்டைத் தேக்குக் கதவு, மூடியபடி, செங்காவியில். நிலையின் மேல் பச்சை மாவிலைத் தோரணம். வாசற்படியில் மஞ்சள் பட்டை, அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டு. படத்தின் நான்கு ஓரமும் எட்டிதழ்ப் பூக் கற்கள் ஒரே வரிசையாக. படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும்."

காலி இடத்தில் பெயர்களை நான் தனியாக எழுத்துருவில் வைத்துக்கொள்கிறேன். படத்துக்குள்ளேயே தமிழ் எழுதச் சொன்னால் கொம்பும் காலும் இடம் மாறி, அப்பா பெயரே வேறு யாரோ ஆகிவிடும்.

இந்தப் படம் மனசுக்குப் பிடிக்கும்வரை அடுத்ததற்குப் போகாதே. பிடித்த பிறகு அதையே மாதிரிப் படமாக ஏற்றிவிட்டு மற்றதைச் செய். நிற எண் கொடுத்தாலும் கொஞ்சம் தள்ளித்தான் வரும், அதைக் கடைசியில் நான் சரிசெய்கிறேன்.

2. உள்பக்கத் தலைப்பு, 3:1

"நடுவில் வெற்றிலைமேல் கூம்பாகப் பிடித்த மஞ்சள் பிள்ளையார்: கண், கை, தும்பிக்கை இல்லாத வெறும் மஞ்சள் கூம்பு. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு, உச்சியில் அருகம்புல். இரு பக்கமும் எட்டிதழ்ப் பூ ஒவ்வொன்று."

முழுப் பிள்ளையார் உருவம் கேட்டால் கை ஐந்தாகிறது, தும்பிக்கை இரண்டாகக் கிளைக்கிறது. சாமி விஷயத்தில் எதற்கு வம்பு? மஞ்சள் பிள்ளையார் பிடித்தால் போதும் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

3. முகூர்த்தம், 5:7

"படத்தின் கீழ்ப்பாதியில் பித்தளைத் தாம்பாளம், மேலிருந்து பார்த்தபடி வட்டமாக. அதில் குடுமியுடன் ஒரு தேங்காய், மஞ்சள் கயிறு ஒரு சுருள், சுற்றிலும் அட்சதை. பித்தளைக்கும் மஞ்சள் நிறமே. மேல்பாதி காலி."

பொதுப் பத்தியில் நேர் எதிரே என்று இருக்கிறது, இங்கே மட்டும் மேலிருந்து. அந்த ஒரு வாக்கியத்தை இதற்கு மட்டும் எடுத்துவிடு. விதிவிலக்கு இது ஒன்றுதான்.

4. வரவேற்பு, 5:7

"நடுவில் பன்னீர்ச் செம்பு, இடது பக்கம் சந்தனக் கிண்ணம், வலது பக்கம் கற்கண்டுத் தட்டு, மூன்றும் ஒரே தரைக்கோட்டில். மேலே மல்லிகைச் சரம் வளைந்து தொங்குகிறது. சரத்துக்கும் செம்புக்கும் இடைப்பட்ட பகுதி காலி."

5. வழி சொல்லும் பக்கம், 5:7

"ஓரத்தில் மட்டும் எட்டிதழ்ப் பூக் கற்கள். நடுவில் எதுவும் வேண்டாம்."

வரைபடத்தை நான் போடுகிறேன். இயந்திரத்தை விட்டால் ஊரில் இல்லாத தெருவெல்லாம் முளைக்கும்.

6. உறையும் தாம்பூலப் பையும், 1:1

"எட்டிதழ்ப் பூக் கல் ஒன்று, நான்கு பக்கமும் அடுக்கினால் தொடர்ந்து பொருந்தும்படி. நடுவில் வெற்றிலை இரண்டு, கொட்டைப்பாக்கு ஒன்று."

7. வாட்ஸ்அப், 9:16

அட்டை ப்ராம்ப்ட்டே போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் "கதவுக்கு மேலும் கீழும் இடம் காலி" என்று மாற்று.

அச்சுக்குப் போகும் அட்டை 5×7 அங்குலம், 300 டிபிஐ. அதாவது குறைந்தது 1500×2100 பிக்சல், வெட்டுக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல். வெள்ளிக்கிழமை இரவுக்குள் அனுப்பு, சனிக்கிழமை காலையில் அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.