இருந்த இடத்திலேயே இருக்கிறது

குன்னூருக்குப் பக்கத்தில், தேயிலைச் செடிகள் படிப்படியாக இறங்குகிற ஒரு சரிவின் மேல், வரிசையாக நிற்கும் லயன் வீடுகளில் கடைசி வீட்டில், ஒரு பாப்பா இருந்தாள். பாப்பாவுக்குப் பாட்டி இருந்தாள். பாட்டிக்குப் பச்சைக் கம்பளி ஒன்று இருந்தது. அந்தக் கம்பளிக்குள் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது.

மார்கழி மாதத்து மாலையில், பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி மெல்ல மெல்ல ஏறி வந்தது. முதலில் தேயிலைச் செடிகளை மூடியது. பிறகு கற்பூர மரத்தை மூடியது. பிறகு முற்றத்தையும் மூடியது. பாட்டி சன்னலைச் சாத்தினாள். அடுப்பைத் தணித்தாள். விளக்கை அணைத்தாள்.

"பாட்டி, எல்லாம் போய்விட்டது!" என்றாள் பாப்பா. பகலெல்லாம் கண் முன்னால் இருந்தவை சட்டென்று காணாமல் போனால் யாருக்குத்தான் பயமாக இருக்காது?

பாட்டி பாப்பாவைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டாள். "போகவில்லை, கண்ணு. இருந்த இடத்திலேயே இருக்கிறது. எதைக் காணோம், சொல்."

"ஓடையைக் காணோம்."

"காதை வைத்துக் கேள்."

பாப்பா கேட்டாள். சலசல, சலசல என்று, கல்லின் மேல் ஏறிக் கல்லின் கீழ் இறங்கி, ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"போகவில்லை, கண்ணு. ஓடை இருந்த இடத்திலேயே இருக்கிறது."

"கற்பூர மரத்தைக் காணோம்."

"மூச்சை இழுத்துப் பார்."

பாப்பா மூச்சை இழுத்தாள். சன்னல் இடுக்கு வழியாக வந்த குளிர்காற்றில், சளி பிடித்தால் பாட்டி நெஞ்சில் தேய்த்துவிடுகிற தைலத்தின் வாசம் இருந்தது. அது அந்த மரத்தின் இலை வாசம்தான்.

"போகவில்லை, கண்ணு. மரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது."

"கறுப்பு நாய்க்குட்டியைக் காணோம்."

"காலை நீட்டிப் பார்."

பாப்பா கம்பளிக்கு வெளியே ஒரு காலை நீட்டினாள். மெத்தென்று, சூடாக, ஏதோ பட்டது. பட்டதும் டப், டப், டப் என்று தரையில் வால் அடித்தது. கறுப்பு நாய்க்குட்டி கறுப்பு இருட்டில் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? ஆனால் அதுவும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ரயிலைக் காணோம்," என்றாள் பாப்பா. இப்போது அவள் குரல் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

"ரயிலா? ரயிலுக்கு இருட்டு நன்றாகப் பழக்கம், கண்ணு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வழியில் மலையைக் குடைந்த 16 குகைகள் இருக்கின்றன. தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல்லைத் தன் பல்லால் பிடித்துக்கொண்டு, சிக்கு புக்கு, சிக்கு புக்கு என்று ரயில் ஒரு குகைக்குள் போகும், உள்ளே இருட்டு, அப்போதும் அது தன் தண்டவாளத்தை விடாது, மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். பிறகு இன்னொரு குகை. உள்ளே போகும், வெளியே வரும். உள்ளே போகும், வெளியே வரும்."

"உள்ளே போகும், வெளியே வரும்," என்றாள் பாப்பா.

"இப்போது அது கொட்டகையில் தூங்குகிறது. இருந்த இடத்திலேயே இருக்கிறது."

அப்போது வெளியே, சன்னலுக்கு அப்பால், புஸ் என்று ஒரு பெரிய மூச்சு கேட்டது. பாப்பா பாட்டியின் சேலையைப் பற்றிக்கொண்டாள்.

"பயப்படாதே, கண்ணு. காட்டெருமை அம்மா வந்திருக்கிறாள். தேயிலைக்கு நடுவே புல் மேய்கிறாள். அவளுடைய குட்டி அவள் வயிற்றை ஒட்டி நிற்கும். அதற்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அம்மாவின் சூடு தெரியும். நாம் உள்ளே இருக்கிறோம். அவர்கள் வெளியே இருக்கிறார்கள். அவரவர் அவரவர் இடத்திலேயே இருக்கிறார்கள்."

பாப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஓடை சலசலத்தது. மரம் மணத்தது. நாய்க்குட்டியின் வால் ஒரே ஒரு தடவை அடித்துவிட்டு ஓய்ந்தது.

"பாட்டி..."

"இருக்கிறேன், கண்ணு. இதோ என் கை."

பாப்பா அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். கொழுந்து பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரல்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது விரலைத் தொடும்போது அவள் விரல் அங்கேயே தங்கிவிட்டது.

"பாப்பா எங்கே?" என்று மிக மெல்லக் கேட்டாள் பாட்டி.

பதில் வரவில்லை. சின்ன மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. உள்ளே போனது, வெளியே வந்தது.

பாட்டி கம்பளியை இழுத்து மூடினாள். பாப்பா இருந்த இடத்திலேயே இருந்தாள்.