சிட்டுவும் வைக்கோல் லாரியும்

(புளியரைப் பக்கத்து எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு ரோடு கடக்கச் சொல்லித்தரும் பொம்மை நாடகம். சாக்ஸில் தைத்த அணில் சிட்டு, சிரட்டை முகத்து ஆச்சி. செருப்புப் பெட்டி லாரி, மேலே நிஜ வைக்கோல். மேசையில் விரித்த கறுப்புத் துணிதான் செங்கோட்டை–ஆரியங்காவு ரோடு.)

சிட்டு: (மூக்கை மட்டும் நீட்டி) பிள்ளைகளா, என் பந்தைப் பாத்தீங்களா?

(பந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும்.)

சிட்டு: அட, அங்கயா கெடக்கு! ஒரே ஓட்டமா ஓடி எடுத்துருதேன்!

லாரி: பாம்ம்ம்!

(லாரி ஒரு சாண் முன்னால் நின்றுவிட வேண்டும். ஒரு முறை மோத விட்டேன். முன்வரிசைப் பையன் அழுத அழுகையில் கதை அத்தோடு நின்றது. வைக்கோல் கொஞ்சம் அணில் தலையில் கொட்டினால் போதும், சிரிப்பார்கள்.)

டிரைவர்: அய்யோ மோனே! ஞான் கண்டில்லல்லோ!

சிட்டு: நான் உங்களப் பாத்தேனே மாமா!

டிரைவர்: நீ பாத்தா ஆச்சா? நான் அம்மாம் உயரத்துல இருக்கேன். நீ டயர் அளவுகூட இல்ல.

(இங்கே அவசரப்பட வேண்டாம். டீச்சர் மேசைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிக்கட்டும். ஒரு பிள்ளை எதிர்ப்பக்கம் மேசையோடு ஒட்டிக் குந்தட்டும். "காணோமே, எங்க போனா?" என்று தேடுங்கள். எல்லாருக்கும் ஒரு வாய்ப்பு கேட்பார்கள். கொடுங்கள்.)

ஆச்சி: ஏலே சிட்டு! மொதல்ல கையக் குடு. விரல இல்ல, கைய!

சிட்டு: பஸ் நிக்கே ஆச்சி. அதுக்கு முன்னால பூந்து போயிருவோமா?

ஆச்சி: வேண்டாம்டா. பஸ்ஸு மறைக்கி. அந்தப் பக்கம் என்ன வருதுன்னு நமக்குத் தெரியாது, வாரவனுக்கும் நம்மளத் தெரியாது. அது போகட்டும். (பஸ் போகிறது.) இப்ப எந்தப் பக்கம் பாக்கணும்?

சிட்டு: மேல!

(சிரிப்பு அடங்கட்டும். பொம்மைகளைப் பிள்ளைகளுக்கு முதுகு காட்டித் திருப்புங்கள். முகம் காட்டினால் வலது இடதாகிவிடும். இடக்கைப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் எல்லார் வலது கையிலும் முன்பே சிவப்பு நூல் கட்டியிருக்க வேண்டும்.)

ஆச்சி: நூல் கட்டின கைப் பக்கம் பாரு. அப்புறம் இந்தக் கைப் பக்கம். திரும்பவும் நூல் பக்கம். ஏதாவது வருதா?

(தூரத்தில் லாரி. "வருது!" என்பார்கள். நில்லுங்கள். லாரி போன பிறகு மறுபடி மூன்று முறை பார்ப்பது.)

ஆச்சி: இப்ப நட. ஓடாத, நட.

(கடக்கிறார்கள். சிட்டு பந்தை எடுக்கிறது. பந்து கை நழுவி மறுபடி ரோட்டில் உருள்கிறது. சிட்டு துள்ளி ஓடப் பார்த்து, துணியின் ஓரத்தில் சட்டென்று நிற்கிறது. எதுவும் பேசாமல் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்கள் சொல்லும்வரை பொம்மை அசையக்கூடாது.)

சிட்டு: (மெதுவாக) ஆச்சி… கை!