விடுகைப் பத்திரத்தில் மகளின் பெயரைத் திருத்தித் தருமாறு வேண்டுதல்

கோயில் வீதி,
நுணாவில்,
சாவகச்சேரி.
2025.02.17

அதிபர் அவர்கள்,
பாடசாலை அலுவலகம்,
கோண்டாவில்.

மதிப்பிற்குரிய ஐயா,

விடுகைப் பத்திரத்திலுள்ள பெயர்ப் பிழையைத் திருத்துதல் – ஜெயசீலன் கவிநயா, சேர்வு இலக்கம் 4172

தங்கள் பாடசாலையில் 2016ஆம் ஆண்டு தரம் 1இல் சேர்ந்து தரம் 9 வரை கல்வி கற்ற என் மகள், நாங்கள் சாவகச்சேரிக்குக் குடிபெயர்ந்ததனால் இங்குள்ள பாடசாலையொன்றில் தரம் 10இல் சேர்ந்துள்ளார். அதற்காகத் தாங்கள் 2025.02.03ஆம் திகதி வழங்கிய விடுகைப் பத்திரத்தில் அவரது பெயர் ‘ஜெயசீலன் கவினயா’ என எழுதப்பட்டுள்ளது. பிறப்புச் சான்றிதழின்படி அது ‘ஜெயசீலன் கவிநயா’ என இருத்தல் வேண்டும். அதாவது ‘ந’ வரவேண்டிய இடத்தில் ‘ன’ இடம்பெற்றுள்ளது. பிறந்த திகதி உள்ளிட்ட ஏனைய விபரங்கள் யாவும் சரியாகவே உள்ளன.

மாறியிருப்பது ஓர் எழுத்தே எனினும், பிறப்புச் சான்றிதழும் விடுகைப் பத்திரமும் ஒத்துவராத நிலையில் மகளின் பெயரைச் சேர்வுப் பதிவேட்டில் பதிய இயலாது எனப் புதிய பாடசாலையில் கூறி, இப்போதைக்குத் தற்காலிகமாகவே வகுப்பில் அனுமதித்துள்ளனர். மேலும், வருகின்ற ஓகஸ்ட் மாதம் அவருக்குப் பதினைந்து வயது நிறைவடைவதால் தேசிய அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தைப் பாடசாலையூடாக அனுப்ப வேண்டியிருக்கும். அதன் பின்னர் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்பமும் வரும். அவற்றில் பிழையான பெயர் ஏறிவிட்டால், திணைக்களங்களுக்குச் சென்று அதனை மாற்றுவது பிள்ளைக்குப் பெரும் சிரமமாகிவிடும் என்பதே எங்களுடைய கவலை.

தரம் 9 தேர்ச்சி அறிக்கையில் அவருடைய பெயர் சரியாகவே எழுதப்பட்டுள்ளதால், பத்திரத்தை நிரப்பும்போது இப்பிழை நேர்ந்திருக்கலாம் என எண்ணுகிறேன். ஆயினும், தங்கள் பாடசாலையின் சேர்வுப் பதிவேட்டிலும் ஒருமுறை பார்த்து, அங்கும் பிழை இருப்பின் அதனையும் திருத்திவிடுமாறு தயவுடன் வேண்டுகிறேன். பத்திரத்தில் அடித்து மேலெழுதினால் பிற அலுவலகங்களில் ஏற்க மறுக்கக்கூடும். ஆகவே புதிய பத்திரமொன்றை வழங்கினால் பேருதவியாக இருக்கும். நடைமுறை அதற்கு இடந்தராவிடின், திருத்தத்தின் அருகே தங்கள் கையொப்பத்தையும் பதவி முத்திரையையும் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விடுகைப் பத்திரத்தின் மூலப்பிரதியையும், பிறப்புச் சான்றிதழ், தரம் 9 தேர்ச்சி அறிக்கை ஆகியவற்றின் நிழற்பிரதிகளையும் இத்துடன் இணைத்துள்ளேன். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பார்வையிட விரும்பினால், தாங்கள் கூறும் நாளில் நேரில் கொண்டுவருவேன்.

அகரம் எழுதிய நாள் முதல் மகளை அன்போடு வளர்த்துவிட்ட தங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நாங்கள் என்றும் நன்றியுடையோம். அவருடைய பதிவு தடைப்பட்டிருப்பதைக் கருத்திற்கொண்டு, இத்திருத்தத்தை இயன்றளவு விரைவாகச் செய்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
க. ஜெயசீலன்
(மாணவியின் தந்தை)