ஹால் நால்வருக்கும் பொது: புதிதாக வந்திருக்கும் இருவருக்கு

இந்த வீட்டில் எனக்கு இது நான்காவது வருடம். பால்கனி அறைக்காரர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நீங்கள் இருவரும் போன வாரம்தான் பெட்டியை இறக்கினீர்கள். உங்கள் அறைக்குள் என்ன வைப்பது, எந்த நிறத்தில் திரை போடுவது என்பதெல்லாம் உங்கள் பாடு. ஹால் மட்டும் நால்வருக்கும் பொது. அதில் எதை வைப்பது, யார் காசு போடுவது, யார் போகும்போது எதை எடுத்துப் போவது என்பதை எழுதி வைத்திருக்கிறேன். சட்டப் புத்தகம் மாதிரி தெரிந்தால் மன்னிக்கவும். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு சண்டை இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். பொது ஹாலில் நடக்கும் சண்டை ரசனைச் சண்டை என்று நினைப்போம். என் அனுபவத்தில் அப்படி இல்லை. பச்சைத் திரை பிடிக்காதவர் இரண்டு வாரத்தில் அதை மறந்துவிடுவார். "அந்த அலமாரி யாருடையது?" என்ற கேள்விதான் ஆறு மாதம் கழித்து, ஒருவர் வீட்டைக் காலி செய்யும் நாளில், லாரி கீழே நின்றுகொண்டிருக்கும்போது வெடிக்கும். அதனால் எதை வாங்கினாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி, நன்றாக இருக்கிறதா என்பது அல்ல. காலி செய்யும்போது இது யாரோடு போகும் என்பதுதான்.

யாரிடம் கேட்க வேண்டும், எதற்குக் கேட்க வேண்டாம்

ஜன்னலோரச் சுவரில் நான்கு தட்டுகள் உள்ள ஷெல்ஃப் இருக்கிறது. ஆளுக்கு ஒரு தட்டு. அதில் பொம்மை, செடி, புகைப்படம், எது வேண்டுமானாலும் வையுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். கண்ணை உறுத்துகிறது என்று யாராவது சொன்னால் அவரை அவருடைய தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நால்வரும் சரி என்று சொல்ல வேண்டியவை: சுவர் நிறம், திரை, உட்காரும் சாமான், தரைவிரிப்பு, பெரிய விளக்கு. கூடவே வாசனையும் சத்தமும் வரும் எதுவும். வாசனை மெழுகுவத்தி ஒருவருக்கு அலங்காரம், பக்கத்து அறைக்காரருக்குத் தலைவலி. இவற்றில் பெரும்பான்மை ஓட்டு கிடையாது. மூன்று பேர் சேர்ந்து ஒருவரைத் தோற்கடித்து வாங்கிய சோபாவில் அந்த ஒருவர் தினமும் உட்கார வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

ஆனால் வேண்டாம் என்பவருக்கும் ஒரு கடமை உண்டு. "எனக்குப் பிடிக்கல" என்று நிறுத்திவிடக் கூடாது. அதே விலைக்குள் வேறொன்றை அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் முதலில் சொன்னதையே வாங்குவோம்.

குழுவில் படம் அனுப்பி, பதில் வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது இங்கே செல்லாது. பெரிய சாமானுக்கு நால்வரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இன்னொன்று: "பரவாயில்லை" என்ற வார்த்தையை நான் நம்புவதை விட்டுவிட்டேன். அதற்கு நம்மிடையே குறைந்தது மூன்று அர்த்தம் இருக்கிறது, அதில் இரண்டு 'வேண்டாம்'. யாராவது பரவாயில்லை என்றால் ஒரு தடவை கூடுதலாகக் கேளுங்கள்.

பணம்

மாதம் ஆளுக்கு 300 பொது டப்பாவில் போடுகிறோம். பல்பு, கொக்கி, மிதியடி, தலையணை உறை போன்ற சில்லறைச் சாமான்களுக்கு அது போதும். அதில் வாங்கியது வீட்டுக்குச் சொந்தம். போகும்போது யாரும் பங்கு கேட்பதில்லை. கணக்கு குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் இருக்கிறது. பில்லைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து சில மாதத்தில் மங்கிப்போகும்.

பெரிய சாமான் வாங்குமுன் ஒரு வேலை செய்வோம். கடைக்குப் போவதற்கு முன்பே, படம் பார்ப்பதற்கும் முன்பே, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில் தன்னால் அதிகபட்சம் எவ்வளவு போட முடியும் என்று எழுதி, பெயர் போடாமல் மடித்து வைப்பது. அதில் இருக்கும் மிகக் குறைந்த தொகையை நாலால் பெருக்கினால் அதுதான் நம் பட்ஜெட். நால்வர் சம்பளமும் ஒன்று அல்ல. ஒரு சாமானைப் பார்த்து ஆசைப்பட்ட பிறகு "எனக்கு அவ்வளவு முடியாது" என்று சொல்வது கூச்சமான விஷயம். சீட்டு அந்தக் கூச்சத்தை எடுத்துவிடுகிறது.

இன்னும் நல்லதாக வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் மேல்தொகையை அவரே போடலாம். ஆனால் அதற்காக நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குக் கூடுதல் குரல் கிடையாது. போன வருடம் இதை எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இப்போது கண்ணாடி மேசைக்கு அருகே ஒரு ஊதா நாற்காலி இருக்கிறது.

"நான் ஹாலில் உட்காருவதே இல்லை, நான் ஏன் பணம் தர வேண்டும்?" என்ற கேள்வியும் வரும். உட்கார இடம், வெளிச்சம், திரை மூன்றும் ஹால் என்பதற்கே தேவையானவை. அவற்றில் எல்லோருக்கும் சம பங்கு. உங்கள் விருந்தாளியும் அங்கேதான் உட்காருவார். படம், ஜாடி, தொங்கும் விளக்குச் சரம் எல்லாம் ஆசைப்பட்டவர் செலவு.

ஒரு சாமான், ஒரு சொந்தக்காரர்

முடிந்தவரை பங்கு போட்டு வாங்காதீர்கள். ஒருவர் புத்தக அலமாரி வாங்கட்டும், இன்னொருவர் மேசை வாங்கட்டும், தொகை ஏறக்குறைய சமமாக இருந்தால் போதும். போகும்போது அவரவர் சாமானை அவரவர் எடுத்துப் போகலாம், கணக்கே வேண்டாம். அப்படிப் பிரிக்க முடியாதவை சோபாவும், ஜன்னல் அளவுக்குத் தைத்த திரையும்தான்.

அவற்றுக்கு 60 மாதக் கணக்கு. சோபா 24,000 என்று வையுங்கள். ஆளுக்கு 6,000. மாதம் 100 தேய்கிறது. 20 மாதத்தில் ஒருவர் கிளம்பினால் அவர் பங்கில் 2,000 தேய்ந்தது, மீதி 4,000. அவர் இடத்துக்கு வருபவர் அந்த 4,000-ஐப் போகிறவரிடமே நேரடியாகக் கொடுத்துவிட வேண்டும். வருபவர் வேண்டாம் என்றால் மீதமிருக்கும் மூவரும் பிரித்துக் கொடுப்போம், அப்போது அந்தப் பங்கு மூவருக்கும். 60 மாதம் தாண்டிவிட்டால் மதிப்பு பூஜ்யம். பழைய சாமான் சந்தையில் இதைவிடக் குறைவாகத்தான் போகும், அது எனக்கும் தெரியும். ஆனால் சந்தை விலை எவ்வளவு என்று வாதாடுவதைவிட, முதல் நாளே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு வகுத்தல் கணக்கு மேல்.

இப்போது இருக்கும் சோபாவுக்கு 31 மாதம் ஆகிறது. அதில் உங்கள் இருவர் பங்கை முன்பு இருந்தவர்களுக்குக் கொடுத்து முடித்தாயிற்று, எனவே அது நால்வருக்கும் சொந்தம்.

கறை, கிழிசல், உடைசல்: செய்தவர் சரிசெய்ய வேண்டும். விருந்தாளி செய்தால் கூட்டிவந்தவர். யார் என்று தெரியாவிட்டால் பொது டப்பா. விசாரணைக் கமிஷன் வைக்க எனக்குத் தெம்பு இல்லை.

அளவு நாடாவை மறக்காதீர்கள்

எனக்கு முன்பு இருந்தவர்களோடு மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று வாங்கினோம். ஹாலை அளந்தோம், சுவரை அளந்தோம், தரையில் செய்தித்தாளைப் பரப்பி அதன் வடிவத்தை வெட்டியும் பார்த்தோம். வாசல் கதவு வழியாகவும் வந்துவிட்டது. நடைபாதையிலிருந்து ஹாலுக்குத் திரும்பும் அந்த முக்கில் மாட்டிக்கொண்டது. நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், கூலியாள் இருவரும் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. திருப்பி அனுப்பினோம். வண்டி வாடகை இரண்டு தடவை. நால்வரும் சரி என்று சொன்னதால் நால்வரும் பிரித்துக்கொண்டோம். அதனால் இப்போது அளக்கும் வரிசை: லிஃப்ட், வாசல், முக்கு, கடைசியில்தான் ஹால்.

சாமான் வைத்த பிறகு நடக்க 75 முதல் 90 செ.மீ. வழி விடுங்கள். சோபாவுக்கும் மேசைக்கும் நடுவே 40, 45 செ.மீ. இருந்தால் கால் நீட்டவும் முடியும், கோப்பையை எட்டவும் முடியும்.

சுவர்

பொதுச் சுவர் நமக்கும் பொதுவல்ல, வீட்டு உரிமையாளருடையது. ஓட்டை போடுவதற்கும் நிறம் மாற்றுவதற்கும் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வாய்வார்த்தை போதாது, பிடித்தம் அட்வான்ஸிலிருந்துதான் போகும், நால்வர் அட்வான்ஸிலும். குடிவந்த நாளில் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறோம், குழுவில் மேலே போய்ப் பாருங்கள்.

டிவிக்குப் பின்னால் அடர் பச்சை அடிக்கலாம் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். எனக்கும் ஆசைதான். அந்தச் சுவர் 4.2 மீட்டர் அகலம், 2.7 உயரம், அதாவது சுமார் 11 சதுர மீட்டர். ஒரு லிட்டர் பெயின்ட் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரும். இரண்டு கோட் என்றால் ஏறக்குறைய இரண்டு லிட்டர். பெரிய செலவு இல்லை. ஆனால் காலி செய்யும்போது வெள்ளைக்குத் திரும்ப வேண்டும். அடர் நிறத்தை மறைக்க முதலில் பிரைமர், அப்புறம் இரண்டு மூன்று கோட். பச்சை அடிக்கும் நாளிலேயே வெள்ளைக்கான பணத்தையும் தனியாக எடுத்து வைத்தால் நான் ரெடி. முதலில் 30 செ.மீ. சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, விளக்கு வெளிச்சம் மூன்றிலும் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

ஒட்டும் கொக்கிகளுக்கு அனுமதி வேண்டாம். இழுப்புப் பட்டை உள்ளதாக வாங்குங்கள். எடுக்கும்போது பட்டையைச் சுவரோடு ஒட்டினாற்போல் கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று தன்பக்கம் இழுத்தால் பெயின்ட்டும் சேர்ந்து வரும். கதவுக்கு மேலே இருக்கும் அந்த வெள்ளைத் திட்டு என் கைங்கரியம்.

வெளிச்சம்

இரவில் படிப்பவருக்குப் பளிச்சென்ற வெள்ளை வேண்டும், படம் பார்ப்பவருக்கு மங்கிய மஞ்சள். இதில் சமரசம் தேடி நடுத்தரமாக ஒரு பல்பு போட்டால் இருவருக்கும் பிடிக்காது. கூரை விளக்கு 6500 கெல்வின் வெள்ளை, மூலையில் நிற்கும் விளக்கு 2700 கெல்வின் மஞ்சள் என்று இரண்டாகப் போட்டுவிட்டோம். பத்து மணிக்கு மேல் மூலை விளக்கு மட்டும்.

வருகிற ஞாயிறு காலை பதினொன்றுக்கு ஹாலில் உட்காருவோம். பேச வேண்டியது இரண்டு: பச்சைச் சுவர், கிழிந்த திரைக்குப் பதில் புதிய திரை. துண்டுச் சீட்டும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன். அளவு நாடா பால்கனி அறைக்காரரிடம் இருக்கிறது, அவர் அதைத் தொலைத்திருக்காவிட்டால்.