அடக்கும் பக்கம்

கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றுதான் கோவிந்தசாமி பல் டாக்டரிடம் போனார். கும்பகோணத்தில் நெல் மண்டிக் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்ந்தவர். டாக்டரம்மாவுக்கு அவர் பேத்தி வயது. பல்லைப் பார்த்ததோடு விடாமல் கன்னத்தை ஒதுக்கி, ஓரிடத்தைப் பஞ்சால் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“ஐயா, புகையிலை எந்தப் பக்கம் அடக்குவீங்க?”

இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

“அங்கேதான் வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. துடைச்சா போகலை. வலிக்குதா?”

“துளியும் இல்லைம்மா.”

“ஆரம்பத்தில வலிக்காது. கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும்.”

முடிவு வரும்வரை வீட்டில் மூச்சு விடவில்லை. ராத்திரியெல்லாம் நாக்கு அந்தச் சொரசொரப்பையே தேடிப் போனது. மண்டியில் மூட்டை தூக்கிய ஒருவர் வாய்ப்புற்று வந்து, கஞ்சிகூட இறங்காமல் கிடந்தது நினைவுக்கு வந்தது.

“புற்று இல்லை ஐயா. ஆனா செல்கள் மாற ஆரம்பிச்சிருக்கு. இப்பவே விட்டா திட்டு குறையலாம்.”

“புகையிலையை விட்டுடறேன். வெறும் வெற்றிலை சீவல் மட்டும்...”

“பாக்கும் புற்றை உண்டாக்கும். சீவலும் வேண்டாம்.”

அதுதான் அவரை உலுக்கியது. மதியச் சாப்பாடு முடிந்ததும் விசாலம் வெற்றிலையின் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்துத் தருவாள். தானும் ஒன்று போட்டுக்கொள்வாள். பேசிக்கொள்ள இருவருக்கும் வாய்த்த நேரமே அதுதான்.

அன்று அவள் நீட்டியதை வாங்காமல் விஷயத்தைச் சொன்னார். விசாலம் வெற்றிலைப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

முதல் வாரம் அவரை ஆட்டிவைத்தது. தூக்கமில்லை. சாம்பாரில் உப்பு இல்லையென்று மருமகளிடம் கத்தினார், உப்பு சரியாகத்தான் இருந்தது. டீக்கடைச் சிநேகிதர் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியபோது கை பாதி தூரம் போய்விட்டது. எழுந்து வீட்டுக்கு வந்து, பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைப் பேரனை விட்டுப் போடச் சொன்னார். ஏக்கம் எழும்போது சில நிமிடம் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், தானாகத் தணியும் என்றார்கள். உண்மையாகவே தணிந்தது. திரும்பவும் வந்தது, திரும்பவும் தணிந்தது. சாப்பிட்டவுடன் இரண்டு ஏலக்காய் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார். மனவுறுதி என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு இது தினமும் செய்யும் கூலி வேலையாகவே தெரிகிறது.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா விளக்கைத் திருப்பிப் பார்த்தார். திட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது. “போகலை, ஆனா நல்லா குறைஞ்சிருக்கு. விடாம வந்து காட்டணும்.”

கோவிந்தசாமி நாற்காலியை விட்டு இறங்கினார். துணைக்கு வந்த விசாலம் வாசலில் நின்றிருந்தாள். இத்தனை நாளும் அடுப்படியில் மறைவாகப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். வாசனை அவருக்குத் தெரியாதா என்ன?

“இவளையும் பார்த்துடுங்கம்மா.”

“எனக்கு எதுக்குங்க? எனக்குப் பல்வலியே கிடையாது.”

“வந்து உட்காரு விசாலம். பயமா இருந்தா நான் பக்கத்திலேயே நிக்கறேன்.”

அவள் தொட்டிக்குப் போய், கன்னத்தில் இருந்ததைத் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.